கல்யாணம் முடிந்த பெண்ணுக்கு நன்றி சொல்லி, ரிவ்யூ கேட்டு அனுப்பும் மெசேஜ்

கேள்வி: மதுரையில் பிரைடல் மேக்கப் செய்கிறேன். போன வாரம் ஒரு கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் அதிகாலை முகூர்த்தம், இரண்டும் நான்தான். பெண்ணுக்கும் அவங்க அம்மாவுக்கும் ரொம்பப் பிடித்திருந்தது. நன்றி சொல்லி, கூகுள் ரிவ்யூ கேட்டு, சொந்தக்காரங்க தோழிகள்கிட்டயும் சொல்லச் சொல்லி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பணும். கெஞ்சுற மாதிரியும் இருக்கக் கூடாது, வியாபாரமாகவும் தெரியக் கூடாது. எப்படி எழுதுவது? வாடகைக்குக் கொடுத்த நகை செட் இன்னும் திரும்பி வரவில்லை, அதையும் இதிலேயே கேட்டுவிடலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நகையை இந்த மெசேஜில் கேட்காதீர்கள். அது தனிப் பேச்சு. நகைக்கான அட்வான்ஸ் யார் கையிலிருந்து வந்ததோ அவர்களிடம், பெரும்பாலும் பெண்ணின் அம்மாவிடம், போனில் கேளுங்கள். செட் திரும்பி வந்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் ரிவ்யூ பேச்சையே எடுக்க வேண்டும். அவர்கள் பணம் உங்களிடம் இருக்கும்போது ரிவ்யூ கேட்டால், எழுதினால்தான் பணம் வரும் என்று நீங்கள் சொல்லாமலே அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மாட்டல் ஒன்று காணவில்லை, நெற்றிச்சுட்டியில் கல் விழுந்துவிட்டது என்று அட்வான்ஸில் பிடித்தம் ஏதாவது இருந்தால், அதையும் பேசி முடித்து அவர்கள் மனம் ஆறிய பிறகு பாருங்கள்.

அடுத்து, நீங்கள் ஒரே மெசேஜில் மூன்று காரியம் முடிக்கப் பார்க்கிறீர்கள். நன்றி, ரிவ்யூ, சிபாரிசு. மூன்றும் ஒன்றாகப் போனால் முதலில் சொன்ன நன்றி, பின்னால் வரும் வேண்டுகோளுக்கு முன்னுரை ஆகிவிடுகிறது. படிக்கிற பெண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். கெஞ்சல் வாடை வருவது இதனால்தான், வார்த்தையால் அல்ல. அதனால் நான் இதை இரண்டாகப் பிரித்துவிடுவேன். முதல் மெசேஜில் நன்றி மட்டும். சில நாள் கழித்து இரண்டாவதில் ரிவ்யூ, அதன் கடைசியில் சிபாரிசுக்கு ஒரே ஒரு வரி. ஒரே மெசேஜாகத்தான் அனுப்ப முடியும் என்ற நிலைமைக்கும் கீழே ஒன்று எழுதியிருக்கிறேன்.

நன்றி மெசேஜ் எப்போது போக வேண்டும்? கல்யாணத்தன்று வேண்டாம். மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் என்று முதல் இரண்டு மூன்று நாள் பெண்ணுக்குப் போனைப் பார்க்கவே நேரம் இருக்காது. மூன்றாம் நாள், நான்காம் நாள் சரியாக இருக்கும். உங்களுக்கு ஒரு வாரம் ஆகிவிட்டது, பரவாயில்லை, இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ராத்திரி அனுப்பாதீர்கள். புதுப்பெண் மாமியார் வீட்டில் இருக்கிறாள், பத்து மணிக்கு மேல் போன் சத்தம் போட்டால் அவளுக்குத்தான் சங்கடம். முற்பகல் பதினொரு மணி வாக்கில் அனுப்புவது நல்லது.

என்ன எழுதுவது? பலரும் அனுப்புவது இப்படி இருக்கும்:

> அன்பு வாடிக்கையாளருக்கு வணக்கம். உங்கள் திருமணத்திற்கு எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு மிக்க நன்றி. எங்கள் சேவை பிடித்திருந்தால் கீழே உள்ள லிங்க்கில் 5 ஸ்டார் ரிவ்யூ தரவும். உங்கள் நண்பர்கள், உறவினர்களுக்கும் எங்களைப் பரிந்துரைக்கவும்.

இதில் தப்பாக ஒன்றும் இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் எழுதுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவளோடு உட்கார்ந்து கொண்டை போட்டுவிட்ட ஆள், ஒரு வாரத்தில் 'வாடிக்கையாளர்' என்று கூப்பிடுகிறாள். பேங்கிலிருந்து வரும் எஸ்எம்எஸ் மாதிரி இருக்கிறது. கல்யாணத்தன்று அவளை எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே எழுதுங்கள். பேர் சொல்லி 'மா' சேர்த்துப் பேசியிருந்தால் அதுதான். 'நீங்க' என்று பேசியிருந்தால் 'நீங்க'. தங்கிலீஷில் சாட் செய்து பழகியிருந்தால் தங்கிலீஷிலேயே போகட்டும், திடீரென்று செந்தமிழுக்கு மாற வேண்டாம்.

அப்புறம், அந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும் பொருந்துகிற ஒரு விஷயம் மெசேஜில் இருக்க வேண்டும். வேறு எந்தப் பெண்ணுக்கும் அதை அப்படியே காப்பி செய்து அனுப்ப முடியாதபடி இருந்தால் போதும். இதற்காக நான் மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போதே, வண்டியில் ஏறியதும், போனில் இரண்டு வரி குறித்துக்கொள்வேன். எந்தப் புடவை, பெண்ணின் பாட்டி என்ன சொன்னார், எதில் நேரம் இழுத்தது, இந்த மாதிரி. சீசனில் வாரம் நாலு முகூர்த்தம் என்று ஓடும்போது அடுத்த கல்யாணம் வந்ததும் எல்லாம் கலந்துவிடும்.

எதைக் குறிப்பிடக் கூடாது என்பதும் முக்கியம். அந்த மெசேஜை அவள் கணவனிடம் காட்டுவாள், நாத்தனார் எட்டிப் பார்ப்பார், அம்மாவுக்கு ஃபார்வர்டு ஆகும். அதனால் முகப்பருவை மறைத்தது, கண்ணுக்குக் கீழ் கருவளையம், பிளவுஸ் இறுக்கமாக இருந்து பின் குத்திச் சமாளித்தது, அறையில் அழுதது, அம்மாவோடு நடந்த வாக்குவாதம் எதுவும் எழுத்தில் வரக் கூடாது. 'உங்க ஸ்கின்னுக்கு நாம பட்ட பாடு' என்று நீங்கள் சிரிப்புக்கு எழுதியது அங்கே சிரிப்பாக இருக்காது.

நீங்கள் சொன்ன கல்யாணத்துக்கு நானாக இருந்தால் இப்படி எழுதுவேன். விவரங்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

> (பெயர்) மா, எப்படி இருக்கீங்க? மறுவீடு எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். விடியக்காலை ரெண்டரை மணிக்கு அந்த அரக்குக் கூறைப்புடவையோட நீங்க உட்கார்ந்தப்போ தூக்கக் கலக்கத்திலயும் சிரிச்சிட்டே இருந்தீங்க, அதனாலதான் எங்களால நேரத்துக்கு முடிக்க முடிஞ்சது. பாட்டி வந்து கன்னத்தைத் தடவி நெட்டி முறிச்சது இன்னும் கண்ணுல நிக்குது. உங்க நாள்ல எங்களையும் ஒருத்தரா வெச்சுக்கிட்டதுக்கு நன்றி மா. முடி, ஸ்கின் எதுலயாவது ஏதும் தொந்தரவு இருந்தா தயங்காம சொல்லுங்க. அம்மாவுக்கும் என் நன்றியைச் சொல்லுங்க.

இதோடு நிறுத்திவிடுங்கள். லிங்க் இல்லை, கடைப் பெயர் இல்லை, லோகோ போட்ட படம் இல்லை. 'தொந்தரவு இருந்தா சொல்லுங்க' என்ற வரியை ஒப்புக்காகச் சேர்க்கவில்லை. ஹேர்ஸ்ப்ரே அடித்து, பின்னால் சிக்கலாக்கி உயர்த்திய முடியை வெறுமனே சீப்பால் இழுத்துப் பிய்த்துக்கொண்டு கஷ்டப்படுகிற பெண்கள் நிறைய. தேங்காய் எண்ணெயோ கண்டிஷனரோ தடவி ஊறவிட்டு, விரலால் நுனியிலிருந்து பிரிக்கச் சொன்னால் போதும். சிலருக்குக் கண் இமை ஒட்டிய பசையால் லேசாகச் சிவந்திருக்கும். அதை இந்த இடத்தில் கேட்டு, தேவைப்பட்டால் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டால், மனக்குறை உங்களிடமே வந்து சேரும். கேட்காமல் விட்டால் அது வேறு எங்கோ போய்ச் சேரும்.

இன்னொன்று, பணம் கொடுத்தது அம்மா என்றால் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி அனுப்புங்கள். பெரியவர்களுக்கு டைப் செய்த மெசேஜை விட அரை நிமிட வாய்ஸ் நோட் நன்றாகப் போய்ச் சேருகிறது. அடுத்த வேலை பெண் வழியாக வருவதை விட, அம்மா தன் தங்கச்சியிடம் சொல்லி வருவது அதிகம் என்பது என் அனுபவம்.

இனி இரண்டாவது மெசேஜ். இதற்குத் தேதி பார்க்காதீர்கள், அறிகுறி பாருங்கள். போட்டோகிராபர் எடிட் செய்த படங்களை அனுப்பத் தொடங்கியதும் பெண் டிபி மாற்றுவாள், ஸ்டேட்டஸில் வைப்பாள், உங்களுக்கே இரண்டு படம் அனுப்புவாள். தான் எப்படி இருந்தோம் என்று அவள் முதல் தடவையாக நிதானமாகப் பார்ப்பது அப்போதுதான். முகூர்த்தத்தன்று கண்ணாடியில் பார்த்தது பாதி மயக்கத்தில். எனக்குத் தெரிந்து படம் கைக்கு வந்த முதல் ஓரிரு நாளில் கேட்டால் கிடைக்கிற ரிவ்யூவில் விவரம் இருக்கும். ஆல்பம் வரும் வரை காத்திருந்தால் மாதக் கணக்காகிவிடும், ஞாபகமும் மங்கிவிடும். படம் தாமதமாகும் என்று தெரிந்தால், நீங்களே மண்டபத்தில் எடுத்த நல்ல படம் ஒன்றை, முடிந்தால் அவள் அம்மாவோடு நிற்கும் படத்தை, அனுப்பி அதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

கேட்கும்போது 'ரிவ்யூ போடுங்க' என்று மட்டும் சொன்னால், எழுதத் தெரியாமல் தவிப்பாள். கடைசியில் 'சூப்பர், தேங்க்யூ அக்கா' என்று வரும், அல்லது ஒன்றுமே வராது. வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுப்பதும் சரியில்லை. நாலு ரிவ்யூ ஒரே மாதிரி இருந்தால் படிப்பவர்களுக்குப் பட்டென்று தெரியும். அதற்குப் பதில் ஒரு கேள்வியைக் கையில் கொடுங்கள். அடுத்து கல்யாணமாகப் போகும் பெண் மேக்கப் ஆர்ட்டிஸ்டைத் தேடும்போது அவள் மனதில் என்ன இருக்கும்? ஹோமப் புகையிலும் வியர்வையிலும் தாங்குமா, மாநிறத்துக்கு வெள்ளையடித்த மாதிரி ஆக்கிவிடுவார்களா, முகூர்த்த நேரத்துக்கு முடிப்பார்களா, ட்ரையலில் காட்டியதையே அன்றைக்கும் செய்வார்களா. உங்கள் பெண் விஷயத்தில் இதில் எது நன்றாக அமைந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அதைப் பாராட்டாக நீங்கள் சொல்லிக்கொள்ளாமல், கேள்வியாக வைக்க வேண்டும்:

> (பெயர்) மா, ஸ்டேட்டஸ்ல படம் பார்த்தேன். அந்தத் தாலி கட்டின படத்துல நீங்களும் அப்பாவும் இருக்கறது ரொம்ப நல்லா வந்திருக்கு.
>
> ஒரு சின்ன உதவி கேட்கட்டுமா? நேரம் கிடைக்கும்போது கூகுள்ல நம்ம பேஜ்ல உங்க அனுபவத்தை ரெண்டு மூணு வரி எழுத முடியுமா? ராத்திரி ரெண்டரைல இருந்து பந்தி முடியற வரைக்கும் மேக்கப் எப்படி இருந்துச்சு, எதாவது குறை இருந்துச்சா, அடுத்து கல்யாணம் ஆகப் போற பொண்ணுங்க இதைத்தான் தேடிப் படிக்கறாங்க. தமிழ்ல எழுதினாலே போதும். லிங்க் கீழே இருக்கு, தொட்டா நேரா எழுதற இடத்துக்குப் போயிடும். இப்பவேன்னு இல்ல, உங்க சவுகரியம்.
>
> (ரிவ்யூ லிங்க்)
>
> உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது மேக்கப்புக்கு ஆள் தேடினா என் நம்பரைக் கொடுங்க, சந்தோஷமாப் பேசறேன்.

'எதாவது குறை இருந்துச்சா' என்று அவ்வளவு தைரியமாகக் கேட்கலாமா என்று தோன்றும். கேட்கலாம். முதல் மெசேஜிலேயே குறையைச் சொல்ல இடம் கொடுத்துவிட்டீர்கள், பெரியதாக இருந்திருந்தால் அப்போதே வந்திருக்கும். இந்த வரி இருப்பதால் நல்லதைச் சொல்லும்போதும் அது நம்பும்படி இருக்கிறது. '5 ஸ்டார்' என்ற வார்த்தை மெசேஜில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்டாரைக் கேட்டு வாங்கினால் ஸ்டார் மட்டும்தான் வரும், எழுத்து வராது.

லிங்க் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். மேப்ஸில் கடையைத் திறந்து ஷேர் கொடுத்து எடுக்கும் லிங்க், கடையின் பக்கத்துக்குத்தான் கொண்டுபோகும். அங்கிருந்து ரிவ்யூ எழுதும் இடத்தைத் தேட வேண்டும், அதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள். உங்கள் கூகுள் பிசினஸ் கணக்கில் நுழைந்து, ரிவ்யூ கேட்பதற்கென்று இருக்கும் பட்டனை அழுத்தினால் தனி லிங்க் ஒன்று தரும். பெரும்பாலும் இந்த வடிவத்தில் இருக்கும்:

```
https://g.page/r/........../review
```

அதை முதலில் வீட்டில் யாருடைய போனுக்காவது அனுப்பி, தொட்டுப் பாருங்கள். ஸ்டார்கள் வரிசையாக இருக்கும் பெட்டி நேராகத் திறக்க வேண்டும். திறந்தால் போதும், அங்கேயிருந்து ரிவ்யூ போட்டுவிடாதீர்கள், சொந்தக் கடைக்கு வீட்டு ஆட்கள் எழுதக் கூடாது. சில ஐபோன்களில் ஜிமெயில் லாகின் கேட்கும். அப்படிப்பட்ட போன் என்றால் 'ஜிமெயில் கேட்டா லாகின் பண்ணிக்கோங்க' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இங்கே கூகுளின் விதி இரண்டு தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, ரிவ்யூவுக்குப் பதிலாகப் பணமோ, தள்ளுபடியோ, இலவசமோ தரக் கூடாது. 'ரிவ்யூ போட்டா ஒரு ஃபேஷியல் ஃப்ரீ' என்று நம் ஊரில் சகஜமாகச் சொல்வார்கள், ஆனால் அது விதிக்கு எதிரானது. எழுதிய மோசமான ரிவ்யூவை எடுக்கச் சொல்லிச் சலுகை தருவதும் அப்படித்தான். இரண்டு, திருப்தியான ஆட்களை மட்டும் பொறுக்கி ரிவ்யூ கேட்டு, மற்றவர்களைத் தவிர்ப்பதும் கூடாது. மாட்டினால் கூகுள் உங்கள் ரிவ்யூக்களை எடுத்துவிடலாம், கொஞ்ச காலம் புது ரிவ்யூ வரவிடாமல் நிறுத்தலாம், போலி ரிவ்யூ எடுக்கப்பட்டது என்று உங்கள் பக்கத்திலேயே எச்சரிக்கை போடலாம். எனவே சங்கடத்தில் முடிந்த கல்யாணத்துக்கும் இதே லிங்க்கை அனுப்புவது என்று வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். குறையை முதல் மெசேஜில் கேட்டுச் சரிசெய்திருந்தால் அங்கிருந்தும் நியாயமான வார்த்தைதான் வரும்.

இன்னொரு சின்ன விஷயம். பெண், அக்கா, சித்தி மகள் மூன்று பேரையும் உங்கள் பார்லருக்கு வரவழைத்து, உங்கள் வைஃபையில் உட்கார வைத்து எழுத வைக்காதீர்கள். ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்து வருவது சந்தேகத்தைக் கிளப்பும், உண்மையான ரிவ்யூவே காணாமல் போகலாம். அவரவர் வீட்டிலிருந்து அவரவர் நேரத்தில் எழுதட்டும்.

பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று சில பெண்கள் தயங்குவார்கள், சில வீடுகளில் கண்ணு பட்டுவிடும் என்பார்கள். வற்புறுத்தாதீர்கள். 'பரவாயில்ல மா, ரெண்டு வரி வாட்ஸ்அப்லயே அனுப்புங்க, பேரும் நம்பரும் மறைச்சு ஸ்டோரில போட்டுக்கலாமா?' என்று கேளுங்கள். சரி என்றால் டிபியையும் மறைத்துப் போடுங்கள். படத்தை இன்ஸ்டாகிராமில் போட அனுமதி கேட்பது இதிலிருந்து தனி. ரிவ்யூ மெசேஜில் அதையும் திணித்தால், படத்துக்கு வேண்டாம் என்று சொல்ல வந்தவள் ரிவ்யூவையும் விட்டுவிடுவாள்.

நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்றால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் எழுதலாம் என்று நினைத்து மறந்திருப்பாள். ஏழெட்டு நாள் கழித்து ஒரே ஒரு தடவை நினைவுபடுத்தலாம், அதையும் வேறு ஒன்றோடு சேர்த்து:

> (பெயர்) மா, நீங்க ட்ரையல்ல கேட்டீங்களே அந்த லிப்ஸ்டிக் ஷேடு, பேர் கண்டுபிடிச்சுட்டேன், போட்டோ அனுப்பறேன். அப்புறம் அந்த ரிவ்யூ லிங்க்கும் மேலே இருக்கு, நேரம் இருந்தா பாருங்க, இல்லன்னாலும் ஒண்ணும் இல்ல.

அதற்குப் பிறகு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவை கேட்டால் உங்கள் நம்பர் மியூட்டுக்குப் போகும், தலை தீபாவளிக்குக் கூப்பிட வேண்டியவள் கூப்பிட மாட்டாள்.

ரிவ்யூ வந்ததும் ஓரிரு நாளில் அதன் கீழேயே பதில் எழுதுங்கள். சுருக்கமாக, அவள் எழுதியதில் ஒன்றைத் தொட்டு. அங்கே பேக்கேஜ் தொகை, தேதி, மண்டபம், ஸ்கின் விஷயம் எதுவும் வரக் கூடாது, அது ஊரே பார்க்கும் இடம்.

சிபாரிசுக்கு வருகிறேன். மேலே ஒரு வரியோடு விட்டதற்குக் காரணம் உண்டு. மண்டபத்தில் பெண்ணின் அத்தை மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்கள் காதில் விழுந்திருக்கும். 'உங்க அத்தை பொண்ணுக்கு என்னைச் சொல்லுங்க' என்று பேர் சொல்லிக் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். பூ வைத்து உறுதியாகும் வரை அதை வெளியே பேச மாட்டார்கள். வெளியாள் வாயிலிருந்து வந்தால், இவளுக்கு யார் சொன்னது என்று பெண்தான் திட்டு வாங்குவாள். தோழிகளின் நம்பரை வாங்கி நீங்களாக மெசேஜ் போடுவதும் வேண்டாம். அவர்கள் சம்மதம் இல்லாமல் நம்பர் கை மாறுவது யாருக்கும் பிடிப்பதில்லை. உங்கள் நம்பர்தான் அவர்களிடம் போக வேண்டும்.

அது போவதற்குச் சுலபமான வழி, ஃபார்வர்டு செய்ய ஒரு குட்டி மெசேஜைத் தயாராக வைத்திருப்பது. அதைப் பெண்ணிடம் நீங்களாகத் தள்ளக் கூடாது. 'கண்டிப்பா சொல்றேன் அக்கா' என்று அவள் பதில் போட்டால் மட்டும் அனுப்புங்கள்:

> (உங்கள் பெயர்), பிரைடல் மேக்கப், மதுரை. வெளியூர் கல்யாணங்களுக்கும் வருவோம். நிச்சயதார்த்தம், ரிசப்ஷன், முகூர்த்தம், வளைகாப்பு. புடவை கட்டுதல், ஜடை அலங்காரம், வாடகை நகை செட் உண்டு. பேச: wa.me/91XXXXXXXXXX

பெருமை வார்த்தை எதுவும் இதில் வேண்டாம். அதை அனுப்புகிற பெண் தன் வாயால் சொல்லிக்கொள்வாள். அந்த `wa.me` லிங்க்கில் 91-க்குப் பிறகு பத்து இலக்க நம்பரை இடைவெளி இல்லாமல், கூட்டல் குறி இல்லாமல் எழுத வேண்டும். தொட்டால் நேராக உங்கள் சாட் திறக்கும், நம்பரை சேவ் செய்யத் தேவையில்லை.

சிபாரிசுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். போட்டோகிராபருக்கும் மண்டபக்காரருக்கும் கமிஷன் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது, ஆனால் அதே பேச்சைப் பெண்ணிடம் கொண்டுபோனால் அவளுக்குக் கூச்சமாகிவிடும். தோழிக்கு நல்லது சொன்னதாக நினைத்தவள், தோழியிடம் சம்பாதித்த மாதிரி ஆகிவிடும். நான் முன்கூட்டியே எதையும் சொல்வதில்லை. வேலை வந்த பிறகு, பெண்ணின் தலை தீபாவளிக்கோ வளைகாப்புக்கோ புடவை கட்டிவிட்டுக் காசு வாங்காமல் வந்துவிடுவேன். ரிவ்யூ எழுதினாளா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது.

ஒரே மெசேஜாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால், உதாரணமாகப் பெண் இரண்டு நாளில் கணவனோடு வெளிநாடு கிளம்புகிறாள் என்றால், அதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்டால் வாட்ஸ்அப் மடித்துவிடும், லிங்க் உள்ளே மறைந்துவிடும்:

> (பெயர்) மா, பயணத்துக்கு எல்லாம் ரெடியா? அன்னைக்கு விடியக்காலைல பாட்டி நெட்டி முறிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. எங்களை நம்பி விட்டதுக்கு உங்களுக்கும் அம்மாவுக்கும் நன்றி. அங்க போய் செட்டில் ஆனதும், நேரம் இருந்தா மேக்கப் அன்னைக்கு எப்படித் தாங்கிச்சுன்னு கூகுள்ல ரெண்டு வரி எழுதுங்க, லிங்க் கீழே. இங்க யாராவது ஆள் தேடினா என் நம்பரைக் கொடுங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க.

இதில் நன்றி பெரியதாகவும் வேண்டுகோள் சின்னதாகவும் இருக்கிறது. அந்த அளவை மாற்றாதீர்கள். வாட்ஸ்அப் பிசினஸில் இதை விரைவுப் பதிலாகச் சேமித்து வைக்கலாம், ஆனால் முதல் இரண்டு வரியை ஒவ்வொரு தடவையும் கையால் எழுதுங்கள். பிராட்காஸ்ட் லிஸ்டில் போட்டு எல்லாப் பெண்களுக்கும் ஒரே நாளில் அனுப்புவது வேண்டவே வேண்டாம். உங்கள் நம்பரை சேவ் செய்யாதவர்களுக்கு அது போய்ச் சேராது, சேர்ந்தவர்களில் இரண்டு தோழிகள் ஒரே மெசேஜை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு தோழி உண்மையிலேயே உங்களைக் கூப்பிட்டால், அன்றைக்கே பழைய பெண்ணுக்கு ஒரு வரி போடுங்கள்: 'உங்க ஃப்ரெண்டு பேசினாங்க மா, ரொம்ப நன்றி.' புக் ஆனதா, எவ்வளவு பேசினோம் என்பதெல்லாம் அதில் வேண்டாம், அது தோழியின் விஷயம். ஆனால் ரேட் மட்டும் இருவருக்கும் ஒரே கணக்கில் இருக்கட்டும். விலை ஏற்றியிருந்தால் 'தை மாசத்துல இருந்து இவ்வளவு' என்று காரணத்தோடு முதலிலேயே தோழியிடம் சொல்லிவிடுங்கள், எப்படியும் அன்று ராத்திரியே இருவரும் பேசிக்கொள்வார்கள்.